துண்டுக்கு அடியில் ஒரு விலை

(போனில் பட்டுச் சேலை விற்கும் நெசவுக் குடும்பத்தினர் முன் வந்தவாசியில் ஆற்றிய உரை)



நேற்று இரவு, இங்கே உட்கார்ந்திருக்கும் ஒரு தங்கையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தை அவர் அனுமதியோடு பார்த்துக்கொண்டிருந்தேன். மாம்பழ மஞ்சளில் ஒரு சேலை. அரக்குக் கரை, உடல் முழுக்கச் சின்னப் புட்டா. படத்தைப் பகல் வெளிச்சத்தில் எடுத்திருக்கிறார், நிறம் நிறமாகவே தெரிகிறது. படத்துக்குக் கீழே பதினான்கு பேர் எழுதியிருந்தார்கள். பதினோரு பேர் கேட்டது ஒன்றைத்தான்: விலை என்ன? பதினோரு பேருக்கும் ஒரே பதில் போயிருந்தது: "இன்பாக்ஸ் பாருங்க சிஸ்டர்." இன்பாக்ஸைத் திறந்தால் நான்கு பேருக்குத்தான் விலை அனுப்பியிருக்கிறார். மற்றவர்களுக்கு அனுப்புவதற்குள் பாவு பிணைக்க ஆள் வந்துவிட்டார், வேலை வந்துவிட்டது. நால்வரில் ஒருவர் திரும்பப் பேசினார். சேலை இன்னும் அலமாரியில் இருக்கிறது.

"விலையை வெளியிலேயே போட்டால் என்னம்மா?" என்று கேட்டேன். மூன்று காரணம் சொன்னார். அடுத்த தெருவில் இதே மாதிரி நெய்கிறவர் பார்த்துவிட்டு இருநூறு ரூபாய் குறைத்துப் போடுவார். நம்மிடம் எடுத்து விற்கிற ரீசெல்லர் அக்கா கோபித்துக்கொள்வார். வாங்க வருகிறவர் விலையைப் பார்த்ததும் பேசாமலே போய்விடுவார். மூன்றும் உண்மையான பயங்கள். இவற்றைத் தள்ளிவிட்டுப் பேச நான் வரவில்லை. ஆனால் இந்த மூன்றுக்கும் மருந்து "இன்பாக்ஸ்" இல்லை என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவதை இங்கே இருக்கும் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். சுற்றி நூறு பேர் நிற்பார்கள், யாருக்கும் எண் தெரியாது. நாமும் அதைத்தான் செய்கிறோம் என்று நினைக்கிறோம். ஆனால் துண்டுக்குள் கை கொடுத்த இரண்டு பேருக்கும் விலை உடனே தெரிந்துவிடும். மறைப்பு வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு மட்டும்தான். நாம் துண்டைப் போட்டு வாங்க வந்தவரையே வெளியே நிறுத்திவிடுகிறோம்.

பழைய ஜவுளிக் கடைகளில் இன்னொரு பழக்கம் இருந்தது. எழுத்து திரும்ப வராத, பத்து எழுத்துள்ள ஒரு சொல்லைக் கடைக்காரர் வைத்திருப்பார். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண். சேலைச் சீட்டில் அந்த எழுத்துகளைக் குறித்து வைத்தால் அது அடக்க விலை. கடைப் பையன் சீட்டைப் பார்த்து எவ்வளவு தூரம் இறங்கலாம் என்று தெரிந்துகொள்வான், எதிரே உட்கார்ந்திருப்பவருக்குப் புரியாது. மறைத்தது அடக்க விலையை. விற்கும் விலையை வாய் நிறையச் சொன்னார்கள். 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸின் கடைகளில் சேலையிலேயே விலைச் சீட்டு இருக்கும், யார் கேட்டாலும் அதே விலை. அந்த நம்பிக்கையில் மூன்று தலைமுறை வாங்கியிருக்கிறது.

ஆகவே மறைக்க வேண்டியது ஒன்று, சொல்ல வேண்டியது ஒன்று. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுப் பூட்டியதால்தான் சிக்கல்.

அந்த மஞ்சள் சேலையையே கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். எண்கள் உதாரணத்துக்காக நான் வைப்பவை. உங்கள் வீட்டுக் கணக்கு வேறாக இருக்கும். பாவு, ஊடை, சரிகை எல்லாம் 5,200 ரூபாய். நெசவுக் கூலி 2,600. வீட்டு ஆளே நெய்தாலும் கூலியைக் கணக்கில் எழுதுங்கள், எழுதாமல் விட்டால் எப்போதும் லாபம் வருவது போலவே தெரியும். சாயம், பாவு பிணைப்பு, மடிப்பு, அட்டைப் பெட்டி, கூரியர் சேர்த்து 600. ஆக 8,400. ரீசெல்லருக்கு 9,000. நேராக வாங்குபவருக்கு 9,800. இதில் 9,800 என்பது ஊருக்கே தெரியலாம். 9,000 ரீசெல்லருக்கும் உங்களுக்கும் இடையில். 8,400 உங்கள் வீட்டு நோட்டுப் புத்தகத்தைத் தாண்டக் கூடாது.

இப்போது முதல் பயம், அடுத்த தெருக்காரர். அவருக்கு உங்கள் விலை வேண்டுமென்றால் மச்சினியின் போனிலிருந்து "விலை என்ன அக்கா" என்று ஒரு செய்தி போட்டால் போதும். நீங்களே அனுப்பிவிடுவீர்கள். இன்பாக்ஸில் சொன்ன விலை ரகசியமாக இருக்கும் என்பது நம் ஆசைதான். ஸ்கிரீன்ஷாட் எடுக்க ஒரு நொடி. ரகசியத்தால் தடுக்க வந்தது அவரை, தடுத்தது வாங்க வந்த பதினோரு பேரை.

இரண்டாவது பயம், ரீசெல்லர். இதுதான் மூன்றிலும் கனமானது, இதை ஒப்பந்தத்தால் மட்டுமே தீர்க்க முடியும். உங்களிடம் 9,000க்கு எடுத்து அவர் 10,500 சொல்லிக்கொண்டிருக்கும்போது, உங்கள் பக்கத்தில் அதே சேலை 9,800 என்று கிடந்தால் அவர் வாடிக்கையாளர் முன்னால் அவருக்குத் தலைகுனிவு. அவர் கோபம் நியாயமானது. வழி எளிது. ஒரு பாவில் மூன்று நான்கு சேலை இறங்கும். ரீசெல்லருக்குக் கொடுக்கும் சேலையை அவர் விற்று முடிக்கும்வரை உங்கள் பக்கத்தில் போடாதீர்கள். உங்கள் பக்கத்துக்கு வேறு நிற ஊடையில் நெய்ததைப் போடுங்கள். அதுவும் முடியாதென்றால், "என் பக்கத்தில் 9,800 என்று இருக்கும், அதற்குள் உங்கள் லாபத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சேலையைக் கையில் கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதத்துக்குள் அவருக்குத் தெரிந்துவிடும், அப்போது அவரும் போவார்.

மூன்றாவது பயம், விலையைப் பார்த்ததும் ஓடிவிடுவார் என்பது. நான்காயிரம் ரூபாய்க்குச் சேலை தேடுகிறவர் 9,800ஐப் பார்த்துப் போவார். போகட்டும். இன்பாக்ஸில் அரை மணி நேரம் பேசி, நான்கு வீடியோ அனுப்பி, கடைசியில் விலை சொன்னாலும் அவர் போகத்தான் போகிறார், உங்கள் அரை மணி நேரத்தையும் எடுத்துக்கொண்டு. ஒன்பது, பத்தாயிரம் கையில் வைத்திருப்பவர் ஏன் போகிறார் என்பதுதான் நம் கவலையாக இருக்க வேண்டும். நான் விசாரித்தவரை அவர் சொல்வது இதுதான்: "ஆளைப் பார்த்து விலை சொல்வார்களோ என்று இருந்தது." தன் புரொஃபைல் படத்தில் கார் இருக்கிறது, பெங்களூரு என்று போட்டிருக்கிறது, அதைப் பார்த்துக் கூட்டிச் சொல்வார்களோ என்ற சந்தேகம் அவருக்கு. விலை வெளியில் இருந்தால் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை.

சட்டமும் இதே பக்கம்தான் நிற்கிறது. 2020இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், இணையம் வழியே தொடர்ந்து வியாபாரம் செய்கிறவர் பொருளின் மொத்த விலையை ஒரே தொகையாகவும், அதில் கூரியர் போன்ற கட்டணங்கள் எவ்வளவு என்றும் வாங்குபவருக்குக் காட்ட வேண்டும் என்ற நோக்கில் எழுதப்பட்டவை. 2023 நவம்பரில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல் இன்னொன்றைச் சேர்த்தது. முதலில் ஒரு விலை சொல்லிவிட்டு, பணம் கட்டும் நேரத்தில் கூரியர், பேக்கிங் என்று சொட்டுச் சொட்டாக ஏற்றுவதை நுகர்வோரை ஏமாற்றும் முறைகளில் ஒன்றாக அது குறிக்கிறது. ஜிஎஸ்டி விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பதிவு இல்லாதவர்கள் "ஜிஎஸ்டி தனி" என்று கேட்க முடியாது. பதிவு இருப்பவர்கள் சேலைக்குரிய 5 சதவீதத்தைச் சேர்த்தே விலை சொல்லுங்கள்.

சரி, படத்துக்குக் கீழே "விலை?" என்று ஒருவர் கேட்டுவிட்டார். என்ன எழுதுவது? நான் எழுதுவது இப்படி இருக்கும்:

"வணக்கம்ங்க. 9,800 ரூபாய், தமிழ்நாட்டுக்குள் கூரியரும் சேர்த்து. பட்டு தூய பட்டு, சரிகை ஹாஃப் ஃபைன். பிளவுஸ் துணி உண்டு. இந்த நிறத்தில் ஒரு சேலைதான் இருக்கிறது. முந்தி வீடியோ வேண்டும் என்றால் மெசேஜ் செய்யுங்கள், அனுப்புகிறேன்."

கேட்டவர் ஒருவர்தான். ஆனால் இதைப் படிப்பவர்கள் கேட்கக் கூச்சப்பட்டுப் பேசாமல் இருக்கும் மற்ற எல்லோரும். எண் முதல் வரியிலேயே வந்துவிட்டது. அந்த எண் எதற்கு என்பதும் உடன் வந்தது. அப்படி வரவில்லை என்றால், படிப்பவர் 9,800ஐப் பவர்லூம் சேலையின் விலையோடு வைத்துப் பார்ப்பார். பிறகு இன்பாக்ஸுக்கு வர ஒரு காரணமும் இருக்கிறது, முந்தி வீடியோ. விலையை மறைத்து இழுப்பதற்குப் பதிலாகச் சேலையைக் காட்டி அழைக்கிறோம். இதில் எங்கேயும் 9,000 இல்லை, 8,400 இல்லை, சரிகை எந்தக் கடையில் வாங்கினோம் என்பது இல்லை.

ஒரு எச்சரிக்கை. "8,500லிருந்து தொடக்கம்" என்று எழுதும் பழக்கம் பரவியிருக்கிறது. படத்தில் பத்துச் சேலை இருந்து, அதில் ஒன்றாவது உண்மையாகவே 8,500 என்றால் எழுதலாம். படத்தில் ஒரே சேலை, அதன் விலை 9,800 என்றால் அது தூண்டில். வந்தவர் ஆயிரத்து முந்நூறு ரூபாய் ஏமாந்த மனதோடுதான் பேசத் தொடங்குவார்.

இனி இன்பாக்ஸ். முதலில் ஒரு சின்ன வேலை. இன்ஸ்டாகிராமில் உங்களுக்குத் தொடர்பில்லாதவர் அனுப்பும் செய்தி பெரும்பாலும் நேராக உள்ளே வராது, ரிக்வெஸ்ட் என்ற தனி இடத்தில் போய் உட்காரும். புதிதாக வாங்க வருகிறவர் எல்லோரும் தொடர்பில்லாதவர்தானே! தினமும் காலையிலும் இரவிலும் அங்கே பாருங்கள். வாட்ஸ்அப் பிசினஸில் குவிக் ரிப்ளை என்ற வசதியில் ஒவ்வொரு சேலையின் விலை வரியையும் எழுதி வைத்துக்கொண்டால், தறியில் இருந்துகொண்டே இரண்டு தட்டில் அனுப்பிவிடலாம். நீங்கள் இல்லாதபோது மகனோ மாமியாரோ அனுப்பினாலும் அதே விலைதான் போகும். அது ரொம்ப முக்கியம், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இன்பாக்ஸில் விலை கேட்டால் கேள்விக்குக் கேள்வி போடாதீர்கள். "எந்த ஊருங்க? எத்தனை வேணும்? பட்ஜெட் எவ்வளவு?" என்று தொடங்கினால், ஆளைப் பார்த்து விலை சொல்கிறோம் என்ற சந்தேகத்தை நாமே உறுதி செய்கிறோம். விலையைச் சொல்லுங்கள், பிறகு ஒரே ஒரு கேள்வி: "கல்யாணத்துக்கா அக்கா, எந்தத் தேதிக்கு வேணும்?" தேதி தெரிந்தால் உங்களால் முடியுமா முடியாதா என்று தெரியும். இந்தச் சேலை பிடிக்கவில்லை என்றால் தறியில் இருப்பதைக் காட்டலாம்.

அடுத்து வரும் கேள்வி எல்லோருக்கும் தெரிந்தது. "கடைசி விலை சொல்லுங்க." இங்கேதான் நான் ஒருமுறை தவறினேன், அதைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் சேலை வாங்க வந்த ஒரு அம்மா அழுத்திக் கேட்டார் என்று எழுநூறு ரூபாய் குறைத்துக் கொடுத்தேன். அதே பாவில் இறங்கிய இன்னொரு சேலையை முந்தின வாரம்தான் முழு விலைக்கு வேறொருவர் வாங்கியிருந்தார். இருவரும் ஒரே குடும்பத்தில் சம்பந்தம் செய்தவர்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு வளைகாப்பில் இரண்டு சேலையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தன. மறுநாள் எனக்கு வந்தது என் கையால் நானே அனுப்பிய செய்தியின் ஸ்கிரீன்ஷாட். முழு விலை கொடுத்தவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. "என்னிடம் ஏன் அண்ணா கூட வாங்கினீங்க?" என்று மட்டும் கேட்டார். எழுநூறைத் திருப்பி அனுப்பினேன், வாங்கிக்கொண்டார். அதன் பிறகு அவர் என்னிடம் வாங்கவில்லை.

அதனால் குறைப்பு வேண்டும் என்றால் அதற்கு எல்லோருக்கும் சொல்லக்கூடிய ஒரு காரணம் இருக்க வேண்டும். இரண்டு சேலை சேர்த்து எடுத்தால் 400 குறைவு. முன்பே வாங்கியவருக்கு 300 குறைவு. நேரில் வந்து எடுத்தால் கூரியர் செலவு கழியும். இவற்றை நோட்டில் எழுதி வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் எங்கே போனாலும் உங்களுக்கு வெட்கம் வராத குறைப்பை மட்டும் கொடுங்கள். மற்றபடி கேட்பவருக்குப் பதில் இவ்வளவுதான்: "எல்லோருக்கும் இதே விலைதான் அக்கா. இரண்டாக எடுத்தால் நானூறு குறைக்கிறேன்." மன்னிப்புக் கேட்கும் குரலும் வேண்டாம், வீம்பும் வேண்டாம். தறியிலிருந்து இறங்கி ஆறு மாதம் விற்காத சேலை என்றால் பக்கத்திலேயே எல்லோருக்கும் தெரிய விலையைக் குறைத்துப் போடுங்கள்.

இதைவிடச் சிரமமான கேள்வி ஒன்று உண்டு. "நெய்கிறவருக்கு எவ்வளவு கூலி கொடுக்கிறீங்க? சரிகை எங்கே வாங்குறீங்க? உங்களுக்கு எவ்வளவு விழுந்தது?" சிலர் நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள், நெசவாளர் வீட்டுக்கு என்ன போய்ச் சேருகிறது என்ற அக்கறை. சிலர் பேரத்துக்காகக் கேட்கிறார்கள். சிலர் தொழில்காரர்கள். யார் எவர் என்று உங்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. பொய்க் கணக்கு மட்டும் சொல்லாதீர்கள். "எனக்கே 9,500 விழுந்தது" என்று ஒரு நாள் சொன்னால், தீபாவளிக்கு 9,300க்குப் போடும்போது மாட்டிக்கொள்வீர்கள். ரூபாயைச் சொல்லாமல் வேலையைச் சொல்லுங்கள். "கணக்கைச் சொல்வதில்லை அக்கா. இந்தச் சேலை தறியில் எத்தனை நாள் இருந்தது, யார் பாவு பிணைத்தது, கரை எப்படி நெய்தது என்று கேளுங்கள், சொல்கிறேன்." அக்கறையில் கேட்டவர் அதைக் கேட்க விரும்புவார். வேவு பார்க்க வந்தவர் அதோடு நிறுத்திக்கொள்வார். உண்மையில் வாங்குகிறவர் பெரும்பாலும் பிளவுஸில் கரை வருமா, உடல் நிறம் வெயிலில் எப்படித் தெரியும், எத்தனை நாளில் வரும் என்று சேலையைச் சுற்றியே கேட்பார். கேள்வி சேலையை விட்டு விலகி உங்கள் வீட்டுக்குள் வந்தால் கொஞ்சம் நிதானியுங்கள்.

இதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது, அதில் எனக்கு விட்டுக்கொடுக்கவே மனம் வராது. வியாபார ரகசியம் என்ற பெயரில் சேலையின் குணத்தை மறைக்கக் கூடாது. சரிகைதான் விலையை இவ்வளவு மாற்றுகிறது. தூய சரிகை என்றால் பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பி சுற்றி, அதற்குத் தங்க முலாம். சுரண்டிப் பார்த்தால் உள்ளே பெரும்பாலும் சிவப்புப் பட்டு நூல் தெரியும். ஹாஃப் ஃபைனில் செம்புக் கம்பிக்கு வெள்ளி முலாம். அதற்கும் கீழே பிளாஸ்டிக் சரிகை. தூய சரிகையில் இதே மாதிரி சேலை நெய்தால் விலை எங்கோ போய்விடும் என்பது நமக்குத் தெரியும், மதுரையில் இருந்து கேட்கிறவருக்குத் தெரியாது. "ஒரிஜினல் சரிகைதானே?" என்று அவர் கேட்கும்போது "ஆமாங்க, நல்ல சரிகை" என்று வழுக்கினால் அது ரகசியம் காப்பதாகாது, ஏமாற்று. "ஹாஃப் ஃபைன் அக்கா, அதனால்தான் இந்த விலை" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வரி விலையையும் நியாயப்படுத்துகிறது.

பட்டுக்கும் அப்படித்தான். மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004 முதல் வரும் சில்க் மார்க் சீட்டு, நூல் தூய பட்டு என்பதற்குத்தான் உறுதி. சரிகையைப் பற்றியோ கைத்தறி என்பதைப் பற்றியோ அது ஒன்றும் சொல்லாது. சீட்டைக் காட்டி இரண்டையும் நம்ப வைக்காதீர்கள். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. வெளியூரில் நெய்து வந்ததை ஆரணிப் பட்டு என்று சொல்லி ஐந்நூறு ரூபாய் கூட்டினால் அந்தப் பெயரை நம்பிப் பிழைக்கும் ஒவ்வொரு தறிக்கும் அது துரோகம்.

விலை சொன்ன பிறகு பதில் வரவில்லை என்றால்? இரண்டு நாள் விட்டு ஒரு செய்தி போடுங்கள், அதில் புதிதாக ஏதாவது இருக்கட்டும். "அதே கரையில் பச்சை உடல் தறியிலிருந்து இறங்கியிருக்கிறது, 9,800தான்." அதற்கும் பதில் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். "என்னாச்சு மேடம்" என்று மூன்றாம் முறை கேட்டால் பிளாக் செய்வார்கள், தீபாவளிக்கு உங்கள் படம் அவர் கண்ணில் படவே படாது. ஒரு மாதம் நோட்டில் குறித்து வாருங்கள்: எத்தனை பேர் விலை கேட்டார்கள், எத்தனை பேர் விலைக்குப் பிறகும் பேசினார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள். விலைக்குப் பிறகு யாருமே பேசவில்லை என்றால், படம் காட்டுகிற சேலைக்கும் நீங்கள் சொல்லும் விலைக்கும் பொருத்தம் இல்லை. பதில் எழுதும் விதத்தை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது. படத்தையோ சேலையையோ விலையையோ பார்க்க வேண்டும். நன்றாகப் பேசிவிட்டுக் கடைசியில் நின்றுபோகிறார்கள் என்றால் கூரியர், பணம் கட்டுவது, திருப்பி எடுப்பது பற்றிய பயம். அதற்கு வேறு மருந்து.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். இன்று வீட்டுக்குப் போனதும் படுப்பதற்கு முன் போனை எடுத்து, உங்கள் கடைசிப் பத்துப் படங்களைத் திறந்து பாருங்கள். "விலை?" என்று கேட்டுக் காத்துக்கொண்டிருப்பவர்கள் ஒவ்வொருவருக்கும் கீழே அந்த எண்ணை எழுதுங்கள். விற்றுப்போயிருந்தால் "விற்றுவிட்டது, விலை 9,800" என்றாவது எழுதுங்கள். மஞ்சள் சேலைத் தங்கை, உன் பதினோரு பேரில் ஏழு பேர் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள் அம்மா.